சிங்கப்பூருக்குப் புதிதாகப் படிக்க வருவோருக்கு அறை பார்க்கும் சேவை: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

கேள்வி: ஜூரோங் வெஸ்ட்டில் நாலறை வீட்டில் நானும் கணவரும் மட்டும் இருக்கிறோம். ஊரிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு அறை தேடிக் கொடுப்பது, சாப்பாடு, அனுமதி தொடர்பான அலுவலகக் காரியங்கள் என்று பலருக்கு உதவியிருக்கிறேன். இதைச் சிறு கட்டணத்தில் ஒரு சேவையாகச் செய்யலாமா? முதல் இரண்டு வாரம் தங்க வைக்க எங்கள் வீட்டிலேயே ஓர் அறை காலியாக இருக்கிறது. எதில் தொடங்குவது?

பதில்:

அந்தக் காலி அறையை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டையோ அதில் ஓர் அறையையோ வாடகைக்கு விடுவதானால் ஒவ்வொரு முறையும் குறைந்தது 6 மாதங்களுக்கு விட வேண்டும். தனியார் வீடுகளுக்கு அந்த வரம்பு 3 மாதங்கள். இரண்டு வாரத்திற்குப் பணம் வாங்கிக்கொண்டு தங்க வைப்பது, அதை வாடகை என்று சொன்னாலும் சாப்பாட்டுச் செலவு என்று சொன்னாலும், விதிமீறல்தான். மீறும் உரிமையாளருக்கு அபராதம் மட்டுமல்லாமல், கடுமையான நிலையில் வீடே பறிபோகவும் இடமுண்டு. அண்ணன் மகன் வந்து பத்து நாள் சும்மா தங்கிப் போவதை யாரும் வாடகை என்று சொல்லப்போவதில்லை. ஆனால் சேவை என்று பெயர் வைத்துக் கட்டணமும் வாங்கத் தொடங்கிய பிறகு, உங்கள் வீட்டில் தங்குகிறவர் விருந்தாளிதான் என்று வாதாடுவது கடினம். வரும் பிள்ளைகள் முதல் பத்து நாளுக்கு உரிமம் பெற்ற தங்கும் விடுதியில் ஒரு படுக்கையை முன்பதிவு செய்துகொள்ளட்டும், அல்லது பல்கலைக்கழகமே தற்காலிக இடம் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளட்டும். பத்து நாள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐந்து நாளுக்கு மட்டும் முன்பதிவு செய்தவர்கள் நான்காவது நாள் பதற்றத்தில், கண்ணில் பட்ட அறைக்கு முன்பணம் கட்டிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, ‘அறை தேடிக் கொடுப்பது’ என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்தச் சொற்கள். உறவுக்காரப் பிள்ளைக்குக் கைம்மாறு கருதாமல் தேடிக் கொடுத்தது வேறு. கட்டணத்தை எதிர்பார்த்து வாடகைக்கு வருபவரை வீட்டுக்காரரிடம் அறிமுகப்படுத்துவதும், அவர் சார்பில் வாடகை பேசுவதும் 2010ஆம் ஆண்டின் சொத்து முகவர் சட்டத்தின்படி முகவர் தொழிலாகும். அதற்குச் சொத்து முகவர் மன்றத்தில் பதிவு வேண்டும். பதிவில்லாமல் செய்தால் அபராதமும் சிறையும் உண்டு. வீட்டுக்காரர் அன்புடன் நீட்டும் ‘காப்பிக் காசு’ம் இதில் அடக்கம். நான் பல ஆண்டுகள் பதிவுபெற்ற முகவராக இருந்தவன் என்பதால் தொழில் போட்டியில் இப்படிச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். ஒரு மாணவரின் ஓர் அறை வாடகையில் முகவருக்குக் கிடைப்பது சொற்பம் என்பதால், பெரும்பாலான முகவர்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. உங்களுக்கு வேலை இருப்பதும் அந்த வெற்றிடத்தில்தான்.

அப்படியானால் என்ன மிச்சம் இருக்கிறது? விளம்பரத்தைத் தேடுவதும், வீட்டுக்காரரோடு பேசுவதும், வாடகையை முடிவு செய்வதும் மாணவரின் வேலையாகவே இருக்கட்டும். அவர் தேர்ந்தெடுத்த அறையின் வாசலுக்குப் போய் நேரில் பார்ப்பது, கேட்க வேண்டிய கேள்விகளை அவருக்குச் சொல்லிக் கொடுப்பது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவருக்குப் புரியும் தமிழில் விளக்குவது, பணம் கைமாறும் நாளில் பக்கத்தில் இருப்பது ஆகியவற்றுக்கு, அறை அமைந்தாலும் அமையாவிட்டாலும் மாறாத ஒரு கட்டணத்தை நீங்கள் வாங்கலாம் என்பது என் கருத்து. வாடகையில் இத்தனை விழுக்காடு என்றோ, அறை கிடைத்தால் இத்தனை வெள்ளி என்றோ வைத்தால் மறுபடி முகவர் வேலைக்குள் கால் வைத்தவர் ஆவீர்கள். ஒப்பந்தத்தை நீங்களே எழுதிக் கொடுப்பதும் வேண்டாம், அது வழக்கறிஞர் வேலை. செய்யப்போவதை அரைப் பக்கத்தில் எழுதி மன்றத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, இது பதிவு தேவைப்படும் தொழிலா என்று கேட்டு, எழுத்துவழிப் பதிலை வாங்கி வைத்துக்கொண்ட பிறகே முதல் கட்டணத்தை வாங்குங்கள்.

ஏற்கெனவே இங்கு படித்துக்கொண்டிருக்கும் மூத்த மாணவர்களைக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் உங்களுக்கு வரலாம். மாணவர் அனுமதியில் இருப்பவர் தொழில் நடத்தக் கூடாது. வேலை செய்யும் சலுகையும் குறிப்பிட்ட சில கல்வி நிலையங்களின் முழுநேர மாணவர்களுக்கு மட்டுமே, அதுவும் பாடத் தவணைக் காலத்தில் வாரத்திற்கு 16 மணி நேரம் வரைதான். தனியார் பள்ளிகளில் படிப்பவர்களில் பலருக்கு அதுவும் கிடையாது. உங்கள் வசதிக்காக அந்தப் பிள்ளையின் அனுமதியைப் பணயம் வைக்காதீர்கள்.

இனி அந்தச் சேவையை எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன். மாணவர் இன்னும் ஊரில் இருக்கும்போதே ஒரு முறை தொலைபேசியில் பேசுங்கள். அந்தப் பேச்சில் முதல் கேள்வி பட்ஜெட் பற்றியதாக இருக்க வேண்டாம், படிப்பு எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது என்பதாக இருக்கட்டும். வீவக வீட்டில் வாடகைக்கு இருக்க வேண்டுமானால், வீட்டுக்காரர் விண்ணப்பிக்கும் நாளில் மாணவரின் அனுமதி இன்னும் 6 மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும். வாடகைக் காலமும் 6 மாதத்துக்குக் குறையக் கூடாது. ஆகஸ்டில் வந்து டிசம்பரில் திரும்பும் பரிமாற்ற மாணவருக்கு இந்த இரண்டு விதிகளும் ஒத்துவரா. அவருக்கு வீவக அறை தருகிறேன் என்று யாராவது சொன்னால், விதியை மீறுகிறார் அல்லது ஏமாற்றுகிறார், இரண்டில் ஒன்று. அவர் பார்க்க வேண்டியது தனியார் கூட்டுரிமை வீட்டு அறையை, அல்லது பல்கலைக்கழக விடுதியை. இந்த ஒரு கேள்வியே உங்களிடம் வருபவர்களின் தேடலை இரண்டாகப் பிரித்துவிடும்.

அடுத்தது, வாசலுக்குப் போவதற்கு முன் சரிபார்க்க வேண்டிய விளம்பரம். ஊரில் இருக்கும் பிள்ளைக்கு இணையத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் படும்: பூன் லே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய அறை, குளிரூட்டி, சன்னலுக்கு வெளியே மரம், அக்கம்பக்கத்து வாடகையைவிட இருநூறு முன்னூறு வெள்ளி குறைவு. வாட்ஸ்அப்பில் பேசும் ‘முகவர்’ மிகுந்த கனிவோடு தம் அட்டையின் படத்தையும் அனுப்பிவைப்பார். பிறகு, இன்னும் மூன்று பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அறையைப் பிடித்து வைக்க ஒரு மாத முன்பணத்தை இன்று இரவுக்குள் அனுப்பிவிடுங்கள் என்பார். அட்டை உண்மையானதாகவே இருக்கும், அதில் உள்ள முகவரும் உண்மையில் இருப்பார். பேசுகிறவர்தான் அவர் அல்லர். இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். www.cea.gov.sg தளத்தில் உள்ள பொதுப் பதிவேட்டில் முகவரின் பெயரையோ, R என்று தொடங்கி ஆறு இலக்கங்களும் கடைசியில் ஓர் எழுத்தும் கொண்ட பதிவு எண்ணையோ இட்டுத் தேடுங்கள். அங்கே இருக்கும் தொலைபேசி எண்ணும் வாட்ஸ்அப்பில் பேசும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால் பதிவேட்டில் உள்ள எண்ணை நீங்களே அழையுங்கள். நான் தொழிலில் இருந்தபோது, யாரோ என் அட்டையின் படத்தை வைத்து ஒரு பிள்ளையிடம் பேரம் பேசிக்கொண்டிருந்ததை, அந்தப் பிள்ளையின் அத்தை என்னை அழைத்துத் திட்டியபோதுதான் தெரிந்துகொண்டேன். திட்டு வாங்கினாலும் அந்த அம்மாள் அழைத்ததால் பணம் தப்பியது. பதிவேடு சரியாக இருந்தாலும், வீவக வாடகையில் முகவர் பணத்தைக் கையில் வாங்கவே கூடாது என்பதை மறக்க வேண்டாம். முன்பணமும் வாடகையும் நேராக வீட்டுக்காரருக்கே போக வேண்டும்.

உங்கள் சேவையில் ஊரில் இருக்கும் பெற்றோர் காசு கொடுத்து வாங்க விரும்புவது இதைத்தான் என்று நினைக்கிறேன்: ஒருவர் அந்தப் புளோக்குக்குப் போய், மின்தூக்கியில் ஏறி, கதவைத் தட்டி, கைப்பேசியில் நேரலையாக அறையைக் காட்டுவது. அப்படிக் காட்டும்போது வீட்டு எண் தெரியும்படி வாசலிலிருந்தே தொடங்குங்கள். அறைக்குள் போனதும் குளிரூட்டியை இயக்கிவிட்டு மற்றதைப் பாருங்கள், கிளம்பும்போது அறை குளிர்ந்திருக்க வேண்டும். மெத்தையைத் தூக்கிக் கட்டில் சட்டத்தின் இடுக்குகளில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், அவை மூட்டைப்பூச்சியின் தடயம். குளியலறையை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று கேட்பதோடு நில்லாமல், அங்கே எத்தனை பல்துலக்கிகள் இருக்கின்றன என்றும் எண்ணுங்கள்.

வாசலில் இன்னொரு எண்ணிக்கையும் எடுக்க வேண்டும். கூடம் பலகையால் தடுக்கப்பட்டிருக்கிறதா, வாசலில் காலணிகள் எத்தனை, ஒவ்வோர் அறைக் கதவிலும் தனித்தனிப் பூட்டுத் தொங்குகிறதா என்று கவனியுங்கள். ஒரு வீட்டில் உறவில்லாதவர்கள் 6 பேர் வரை இருக்கலாம் என்பது பொது வரம்பு. நாலறை மற்றும் அதைவிடப் பெரிய வீவக வீடுகளுக்கு 2024 ஜனவரி முதல் தற்காலிகமாக 8 பேர் வரை அனுமதி உண்டு. அதற்கு மேல் ஆள் இருந்தால், உங்கள் மாணவர் பெயர் எந்தப் பதிவிலும் ஏறப்போவதில்லை.

விளம்பரங்களில் ‘நோ ஓனர் ஸ்டேயிங்’ என்று ஒரு வரி பெருமையாக எழுதப்பட்டிருக்கும். வீட்டுக்காரர் தொல்லை இல்லை என்று பிள்ளைகளும் மகிழ்வார்கள். வீவக வீட்டைப் பொறுத்தவரை அந்த வரி ஒரு கேள்விக்குறி. அறைகளை மட்டும் வாடகைக்கு விட அனுமதி வாங்கிய உரிமையாளர் அதே வீட்டில் தொடர்ந்து வசிக்க வேண்டும். ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு மற்றவற்றை வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ இருப்பது விதிமீறல். அவர் அங்கே வசிக்கவில்லை என்றால் முழு வீட்டையும் வாடகைக்கு விடும் அனுமதி இருக்க வேண்டும். அது சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டும் கிடைப்பது. நிரந்தரவாசி முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீட்டை விடுவதானால் வட்டாரத்துக்கும் புளோக்குக்கும் உரிய ஒதுக்கீட்டு வரம்பும் உண்டு. ஆகவே மாணவர் பணிவாக ஒன்று கேட்க வேண்டும்: ‘வீவகவில் என் பெயரைப் பதிந்த பிறகு அந்த ஒப்புதல் கடிதத்தின் நகல் கிடைக்குமா?’ நேர்மையான வீட்டுக்காரர் தயங்காமல் சரி என்பார், ஏனெனில் பதிய வேண்டிய பொறுப்பு அவருடையது. ‘பதிவெல்லாம் எதற்கு, அடுத்த அறைப் பையன் இரண்டு வருடமாக இப்படித்தான் இருக்கிறான்’ என்று பதில் வந்தால், கதவைத் திறந்தவர் பெரும்பாலும் உரிமையாளரே அல்லர், முன்பே வாடகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விடுகிறவர். வீவக வீட்டில் வாடகைக்கு இருப்பவர் மறுபடி வாடகைக்கு விட அனுமதியில்லை. சோதனை வந்தால் முதலில் வெளியேறுவது உங்கள் மாணவராகத்தான் இருக்கும், முன்பணமும் திரும்பி வராது.

வீட்டுக்காரரும் மாணவரின் அனுமதியைச் சரிபார்க்கக் கடமைப்பட்டவர்: அனுமதியைப் பார்த்து, கடப்பிதழோடு ஒப்பிட்டு, வழங்கிய அமைப்பிடம் அது செல்லுபடியாகிறதா என்றும் உறுதிசெய்ய வேண்டும். ஆகவே கடப்பிதழைக் காட்டச் சொன்னால் சந்தேகப்படத் தேவையில்லை. காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும், அவரிடம் விட்டுவிட்டு வரக் கூடாது. நீங்களும் யாருடைய கடப்பிதழையும் பத்திரத்துக்கு என்று வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

அறையைத் தேர்ந்தெடுப்பதில் நம் பிள்ளைகள் தவறும் இடம் அடுப்படி. விளம்பரத்தில் ‘நோ குக்கிங்’, ‘லைட் குக்கிங்’ என்று இரண்டு நிலைகள் உண்டு. இலேசான சமையல் என்றால் மேகி, முட்டை, பால் என்றே பெரும்பாலான வீட்டுக்காரர்கள் எண்ணுகிறார்கள். கடுகு தாளிப்பதும் குக்கர் விசில் அடிப்பதும் அதில் சேராது. இதை வந்த பிறகு கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும். ‘தினமும் சோறு வடிப்பேன், வாரம் மூன்று நாள் சாம்பார் வைப்பேன், சரியா?’ என்று பண்டத்தின் பெயர் சொல்லியே கேட்கப் பழக்குங்கள். (சில விளம்பரங்களில் சமையலைப் பற்றிய கண்டிப்பு, இந்தியர் வேண்டாம் என்பதன் மறுபெயராக இருப்பதும் உண்டு. முகவர்கள் இனம் பார்த்து விளம்பரம் செய்யக் கூடாது என்ற நெறிமுறை இருக்கிறது. ஆனாலும் வேண்டாம் என்கிறவர் வீட்டில் போராடிக் குடியேறி ஓராண்டு இருப்பதைவிட அடுத்த அறையைப் பார்ப்பதே மேல் என்பதுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது.)

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க வந்த ஒரு பெண், சைவம், ஓராண்டுக்கு அறை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன் இரண்டு அறைகள். பூன் லேயில் ஒன்று, மாதம் 850 வெள்ளி, சமைக்கக் கூடாது, 179ஆம் எண் பேருந்து பக்கம். ஜூரோங் வெஸ்ட்டின் உட்புறத்தில் மற்றொன்று, 950 வெள்ளி, வீட்டுக்கார அம்மாள் உடன் இருக்கிறார், இரவு ஒன்பதுக்குள் அடுப்படியைத் துடைத்து விட்டுவிட்டால் முழுச் சமையல் செய்யலாம். முதல் அறையில் இருந்தால் மூன்று வேளையும் வெளியில்: காலைக்கு 3 வெள்ளி, மதியமும் இரவும் தலா ஐந்தரை வெள்ளி என்று வைத்தால் நாளுக்கு 14, மாதத்துக்கு 420. வாடகையோடு சேர்ந்து 1,270. இரண்டாவது அறையில் காலையும் இரவும் சமையல், தேக்காவிலிருந்தும் பக்கத்துச் சந்தையிலிருந்தும் மளிகை, காய்கறி 180 வெள்ளி, வகுப்பு நாள்கள் இருபத்திரண்டில் மதியச் சாப்பாடு மட்டும் வெளியில் 121 வெள்ளி. மொத்தம் 1,251. நூறு வெள்ளி கூடுதல் வாடகை உள்ள அறை மாத முடிவில் 19 வெள்ளி குறைவாக வருகிறது, அதுவும் சைவம் தேடி அலையாமல். ஆனால் இந்தக் கணக்கு சமைக்கிறவருக்கு மட்டுமே பொருந்தும். ஊரில் தோசைக் கரண்டியைத் தொட்டிராத பையன் இரண்டாவது அறையை எடுத்தால் இரண்டு வாரத்தில் சலித்துப்போய் வெளியில் சாப்பிடுவான், 950ஐயும் கட்டுவான். அவனுக்கு முதல் அறைதான் சரி.

அந்தப் பெண் இரண்டாவது அறையை எடுத்தார் என்றே தொடர்வோம். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகையை முன்பணமாகத் தருவது இங்கு வழக்கம், அது 950. முதல் மாத வாடகை 950. முத்திரைத் தீர்வை, நான்கு ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தங்களுக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு: 950ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 11,400, அதில் 45 வெள்ளி 60 காசு, காசை விட்டுவிட்டு 45 வெள்ளி. ஆக முதல் நாளில் கையில் இருக்க வேண்டியது 1,945 வெள்ளி. பிள்ளைகளிடம் இந்தத் தொகையை ஊரிலேயே சொல்லிவிடுங்கள், 950தானே என்று எண்ணி வருகிறவர்கள்தான் அதிகம். தீர்வையை ஒப்பந்தம் கையெழுத்தான 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் கட்ட வேண்டும், வழக்கமாகக் கட்டுவது வாடகைக்கு வருபவர். நாற்பத்தைந்து வெள்ளியை மிச்சம் பிடிக்கலாம் என்று வீட்டுக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது, ஏனெனில் தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை வழக்கு என்று வந்தால் சான்றாக ஏற்க மாட்டார்கள். முகவர் தரகைப் பற்றியும் ஒரு சொல்: வீட்டுக்காரரின் முகவர் மாணவரிடமும் தரகு கேட்டால் தர வேண்டியதில்லை, ஒரே பேரத்தில் இரு தரப்புக்கும் முகவராக இருப்பதற்குத் தடை இருக்கிறது.

புதிதாக வந்தவருக்கு இங்கே வங்கிக் கணக்கு இன்னும் இருக்காது, எனவே ரொக்கமாகத் தர நேரும். ரசீது இல்லாமல் ஒரு வெள்ளியும் கைமாறக் கூடாது. வீட்டு முகவரி, தேதி, எந்த மாத வாடகை, எவ்வளவு முன்பணம், வாங்கியவரின் பெயர், கையெழுத்து ஆகியவை அதில் இருக்க வேண்டும். பேநவ் வழி அனுப்புவதானால், திரையில் வரும் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள உரிமையாளர் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும்.

ஒப்பந்தத்துக்குச் சொத்து முகவர் மன்றத்தின் தளத்தில் மாதிரி ஒன்று கிடைக்கிறது, வீட்டுக்காரர் தரும் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மாணவர்களைப் பொறுத்தவரை நான் மூன்று வரிகளில்தான் நேரம் செலவிடுவேன். ஒன்று, இடையில் விலகும் விதி. வேலைக்கு வந்தவர்களுக்கு எழுதப்படும் அந்த விதி பெரும்பாலும் பன்னிரண்டு மாதம் கழித்தே நடப்புக்கு வரும், ஓராண்டு ஒப்பந்தத்தில் அதனால் பயனில்லை. மாணவர் அனுமதி மறுக்கப்பட்டாலோ ரத்தானாலோ ஒரு மாத அறிவிப்பில் விலகலாம், முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு வரி சேர்க்கும்படி மாணவர் கேட்க வேண்டும். இரண்டாவது, மின்சாரம், தண்ணீர்க் கட்டணத்துக்கு வரம்பு இருக்கிறதா, மீறினால் யார் எப்படிப் பகிர்வது என்பது. மூன்றாவது, குளிரூட்டிப் பராமரிப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்வது வாடகைக்கு இருப்பவர் பொறுப்பு என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். செய்வது பெரிதில்லை, அந்த ரசீதுகளைத் தொலைப்பதுதான் கடைசி நாளில் முன்பணத்தில் பிடிக்கிறது.

கடைசி நாளுக்கான வேலை முதல் நாளிலேயே தொடங்குகிறது. சாவி வாங்கிய அன்று, பெட்டியைத் திறப்பதற்கு முன், சுவரில் உள்ள ஆணித் துளை, தரையில் உள்ள கீறல், அலமாரிக் கதவின் தளர்ந்த கீல், மெத்தையின் கறை எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பிய தேதியே சாட்சி. ஓராண்டு கழித்து அதே கீறலைக் காட்டி முன்பணத்தில் 300 வெள்ளி பிடிக்கிறேன் என்று வந்தால் அந்தப் படம் பேசும். பேசியும் தீரவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தத்தில், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே இணையம் வழி பதியலாம். 5,000 வெள்ளிக்குள் என்றால் தனிநபருக்குப் பதிவுக் கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் கிடையாது. இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மாணவர் விமானம் ஏறிய பிறகு முன்பணத்தைத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்வார், ஊருக்குப் போனவர் இங்கே வழக்காட வருவது நடக்காத காரியம். ஆகவே வீட்டைக் காலி செய்யும் நாளுக்கும் விமான நாளுக்கும் இடையில் ஒரு வாரமாவது இருக்கும்படி பயணத்தைத் திட்டமிடச் சொல்லுங்கள். கடைசி மாத வாடகையைக் கட்டாமல் முன்பணத்தில் கழித்துக்கொள்வது பல பிள்ளைகள் செய்யும் தந்திரம். ஒப்பந்தத்தை மீறுவது அவர்களாகிவிடுவதால் நான் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

சாப்பாட்டுச் சேவை பற்றிக் கேட்டீர்கள். வீவக வீட்டில் சிறிய அளவில் சமைத்து விற்பதற்கு வீட்டில் இயங்கும் சிறுதொழில் திட்டத்தில் இடமுண்டு, சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமமும் தேவையில்லை. ஆனால் வெளியாள் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது, பெரிய அளவில் சமைக்கக் கூடாது. நீங்களும் கணவரும் சேர்ந்து ஐந்தாறு பேருக்கு மேல் எடுத்துச் செய்ய முடியாது என்பதே என் கணிப்பு. சமைத்ததை நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் தூரத்து மாணவருக்கும் அது ஒத்துவராது. முதல் வாரத்தில் அவர்களுக்குப் பயன்படுவது, அந்தந்த வட்டாரக் காப்பிக் கடைகளில் மலிவு விலை உணவு எங்கே கிடைக்கிறது என்று காட்டும் BudgetMealGoWhere தளத்தைக் காட்டிவிட்டு, அதில் சைவம் எந்தக் கடையில் இருக்கிறது என்பதை நீங்களே நடந்து பார்த்துக் குறித்துத் தருவது.

அலுவலக வேலைகளில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கலாம், அவர்களுடைய சிங்பாஸ் கடவுச்சொல்லைத் தொடவே கூடாது. மாணவர் அனுமதிக்கான கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதத்தை அச்செடுத்துக் கைப்பையில் வைக்க வேண்டும், இந்தியாவிலிருந்து வருபவருக்கு முதல் நுழைவு விசாவும் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூர் வருகை அட்டையை வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இலவசமாக நிரப்பலாம், அதற்குப் பணம் கேட்கும் தளம் போலி. வந்த பிறகு எச்ஐவி, நெஞ்சு எக்ஸ்ரே அடங்கிய மருத்துவப் பரிசோதனை, அதன்பின் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் நடைமுறை முடிந்து மின்னியல் அனுமதி வரும். விடுதி முகவரியைக் கொடுத்தவர் அறைக்கு மாறியதும் ஆணையத்திடம் முகவரியைத் திருத்த வேண்டும். மாணவர்கள் மறப்பது பெரும்பாலும் இதைத்தான், அதை நினைவூட்டும் ஒரு குறுஞ்செய்தியை உங்கள் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, மூன்று அறைகளை நேரலையில் காட்டி, ஒரு ஒப்பந்தத்தைப் படித்து விளக்கி, சாவி வாங்கும் நாளில் உடன் இருப்பதற்கு 80 வெள்ளி என்று வைத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அடையாள அட்டையில் உள்ள உங்கள் முழுப் பெயரிலேயே செய்தால் தொழில் பதிவும் தேவைப்படாது, வேறு பெயர் வைத்தால் பதிய வேண்டும். ஒரு மாணவருக்குப் பயண நேரத்தோடு பத்து மணி நேரம் போகும், எல்லாரும் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரே பத்து நாளில் வந்து இறங்குவார்கள். முதல் ஆண்டில் ஆறு பேருக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள், அவர்களில் நான்கு பேராவது ஜூரோங் பக்கமே அறை பார்ப்பவர்களாக இருக்கட்டும்.